டார்ட் எங்கேயும் விழலாம் என்றால் நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் விழும்?

தலவாக்கலை_நிலா

எல்லாருக்கும் வணக்கம். நான் கம்பஸில் முதல் வருடம், லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். டியூட்டோரியலில் ஒரு கணக்கு, மூன்று நாளாக அதிலேயே நிற்கிறேன்.

R ஆரை உள்ள வட்டமான போட். டார்ட் ஒன்று அதன் மேல் எழுமாறாக விழுகிறது, போட்டின் எந்தப் பகுதிக்கும் தனிச் சலுகை இல்லை. நடுப்புள்ளியிலிருந்து டார்ட் விழுந்த இடத்துக்கு உள்ள தூரம் D. D-இன் பரம்பல் என்ன, இடை என்ன என்பதுதான் கேள்வி.

எந்த இடமும் சமம் என்பதால் D-உம் 0 முதல் R வரை சமமாகத்தான் பரவும், இடை R/2 என்று எழுதினேன். சரி பார்க்கலாம் என்று தம்பியின் லேப்டொப்பில் இதை ஓட்டினேன். உண்மையான போட் மாதிரி R = 170 மி.மீ. வைத்தேன்.

```
import random, math
R = 170
a = 2 * math.pi * random.random()
r = R * random.random()
x, y = r * math.cos(a), r * math.sin(a)
```

2000 புள்ளி போட்டுப் பார்த்தால் நடுவில் மை கொட்டின மாதிரி கறுத்துக் கிடக்கிறது, ஓரத்தில் ஐதாக இருக்கிறது. சலுகை இல்லை என்று சொல்லித்தானே செய்தேன், ஏன் நடுவில் குவிகிறது? பிழை கோட்டிலா, என் விடையிலா?

டார்ட்_இருபது

தங்கச்சி, போட்டுக்கும் எறிகிற ஆளுக்கும் உள்ள தூரம் 2.37 மீட்டர். போட்டின் நடு, தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரம். இது மாறாது, இதில் பரம்பல் என்று ஒன்றும் இல்லை. நான் நுவரெலியாவில் பதினைந்து வருடமாக எறிகிறேன், அளவில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.

தலவாக்கலை_நிலா

அண்ணா, நான் கேட்டது எறிகிறவர் நிற்கிற தூரம் இல்லை. டார்ட் குத்தின ஓட்டைக்கும் போட்டின் நடுவுக்கும் உள்ள தூரம்.

மலைக்காற்று

பண்டாரவளையில் மெத்ஸ் கிளாஸ் எடுக்கிறேன். உங்கள் விடை பிழை. "எந்த இடமும் சமம்" என்றால் சம பரப்பளவுக்குச் சம வாய்ப்பு என்று அர்த்தம், சம தூரத்துக்குச் சம வாய்ப்பு என்று இல்லை. r ஆரை உள்ள உள்வட்டத்துக்குள் விழும் நிகழ்தகவு πr² / πR², அதாவது

P(D ≤ r) = r² / R²

இது அரைவாசியாகும் இடம் r = R/√2. R = 170 என்றால் 120.2 மி.மீ. ஆகவே இடை 120.2. R/2 அல்ல.

ஹட்டன்_கணிதம்

மலைக்காற்று சொன்னதில் முதல் பாதி முழுக்கச் சரி. கடைசி வரியில் ஒரு சறுக்கல் இருக்கிறது. 120.2 இடையம், இடை அல்ல. பாதி டார்ட் அதற்கு உள்ளே, பாதி வெளியே என்பதைத்தான் அது சொல்கிறது.

இடைக்கு அடர்த்திச் சார்பு வேண்டும். r²/R² ஐ வகையிட்டால் f(r) = 2r/R². அதை r ஆல் பெருக்கி 0 முதல் R வரை தொகையிட்டால் 2R/3 வரும். 170 மி.மீ. போட்டுக்கு 113.3. இடையத்தைவிட ஏழு மி.மீ. குறைவு. காரணம் இருக்கிறது. 120-க்கு வெளியே உள்ள பாதி டார்ட்டுகள் 50 மி.மீ. அகலத்துக்குள் நெருங்கி நிற்கின்றன. உள்ளே உள்ள பாதி, நடு வரைக்கும் 120 மி.மீ. நீளத்துக்குச் சிதறுகிறது. நடுவுக்கு மிகக் கிட்ட விழுகிற சில டார்ட்டுகள் இடையைக் கீழே இழுத்துவிடும்.

நிலா, உங்கள் கோட்டில் நடந்ததை ஒரே எண்ணால் காட்டலாம். r = R * random.random() என்று எடுத்தால் பாதி ஆரைக்குள், அதாவது 85 மி.மீ. வட்டத்துக்குள், பாதிப் புள்ளிகள் விழும். அந்த வட்டத்தின் பரப்பளவோ முழுப் போட்டில் கால்வாசிதான். கால்வாசி நிலத்தில் அரைவாசி ஆட்களைக் குடிவைத்தால் நெரிசல் வரத்தானே செய்யும்? நீங்கள் பார்த்த மைக்கறுப்பு அதுதான். நடுவுக்குப் போகப் போக நெரிசல் இன்னும் கூடும். புல் எனப்படும் நடு வட்டத்தின் ஆரை 15.9 மி.மீ. உங்கள் கோட்டின்படி 100-க்கு 9 டார்ட் அதற்குள் விழுகிறது. உண்மையில் விழ வேண்டியது 100-க்கு ஒன்றுகூட இல்லை, 0.87 தான்.

திருத்தம் ஒரு வரி.

```
r = R * math.sqrt(random.random())
```

வர்க்கமூலம் ஏன் என்றால், சீராகப் பரவுவது D அல்ல, D². P(D² ≤ t) = t/R² என்று எழுதிப் பாருங்கள், தெரியும். ஆகவே D²/R² ஐ random.random() ஆக எடுத்து, மூலம் காண்கிறோம்.

தலவாக்கலை_நிலா

சேர், மாற்றி ஓட்டினேன், படம் சீராக வந்தது. நன்றி. ஆனால் கண்ணால் பார்த்து "சீராக இருக்கிறது" என்று சொல்வது எனக்குப் போதவில்லை. ஒழுங்காகச் சரிபார்க்க வழி இருக்கிறதா? இன்னொன்று, f(r) = 2r/R² என்றால் r = 0 இல் அடர்த்தி பூச்சியம். அப்படியென்றால் டார்ட் நடுவை வெறுக்கிறது என்றுதானே அர்த்தம்? "சலுகை இல்லை" என்பதோடு இது மோதுகிறதே.

ஹட்டன்_கணிதம்

மோதவில்லை. இரண்டு வேறு அடர்த்திகளை ஒன்றாக நினைக்கிறீர்கள். முப்பது வருடம் படிப்பித்ததில் இந்த இடத்தில் தடுக்காத பிள்ளையை நான் கண்டதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எவ்வளவு என்று கேட்டால் போட் முழுவதும் ஒரே விடை. மொத்தப் பரப்பளவு ஏறத்தாழ 90,800 சதுர மி.மீ., நடுவிலிருந்தாலும் ஓரத்திலிருந்தாலும் ஒவ்வொரு சதுர மி.மீ.க்கும் 90,800 இல் ஒன்று. f(r) கேட்பது வேறு கேள்வி. தூரத்தில் ஒரு மி.மீ.க்கு எவ்வளவு என்று அது கேட்கிறது. நடுவிலிருந்து 10 மி.மீ. தூரத்தில் 1 மி.மீ. தடிப்புள்ள வளையம் ஒன்றை வெட்டி எடுங்கள். அதன் பரப்பளவு 63 சதுர மி.மீ. அளவில் இருக்கும். அதே தடிப்பில் 160 மி.மீ. தூரத்தில் வெட்டினால் 1005. பதினாறு மடங்கு இடம், பதினாறு மடங்கு டார்ட். நடுவில் டார்ட் குறைவதற்குக் காரணம், அங்கே இடமே குறைவு என்பது.

டார்ட் போட்டிலேயே இதற்கு நல்ல சாட்சி உண்டு. டிரெபிள் வளையம் 99 முதல் 107 வரை, டபிள் வளையம் 162 முதல் 170 வரை. இரண்டும் 8 மி.மீ. அகலம். கண்ணைக் கட்டி எறிகிறவனுக்கு (போட்டுக்குள் விழுந்தால்) டிரெபிளில் விழ வாய்ப்பு 5.7 சதவீதம், டபிளில் விழ 9.2 சதவீதம். அகலம் ஒன்று, சுற்றளவுதான் வேறு.

சரிபார்க்க எளிய வழி: 85 மி.மீ.க்குள் விழுந்த புள்ளிகளை எண்ணுங்கள். 2000 இல் 500 வர வேண்டும். நியம விலகல் √(2000 × ¼ × ¾), கிட்டத்தட்ட 19. ஆகவே 460-க்கும் 540-க்கும் இடையில் வந்தால் குறை சொல்ல முடியாது. உங்கள் பழைய கோட்டில் 1000 கிட்ட வரும், அதை எந்தத் தற்செயலாலும் விளக்க முடியாது. இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் D² க்கு வலையுரு வரையம் கீறுங்கள். மேசை மாதிரி தட்டையாக வர வேண்டும். D க்குக் கீறினால் சாய்கோடு வரும். சாய்கோடு சரியான சாய்வா என்று கண் தீர்மானிக்காது, தட்டையா இல்லையா என்று கண் உடனே சொல்லிவிடும்.

தலவாக்கலை_நிலா

பழையது 1013, புதியது 489. D² வரையமும் தட்டையாக வந்தது. இப்போதுதான் மனசு ஆறியது சேர்.

கந்தப்பளை_லீக்ஸ்

நான் கணக்குக்காரன் இல்லைங்க, மரக்கறித் தோட்டம் வச்சிருக்கேன். ஆனா வளையம், இடம் குறைவுன்னு சேர் சொன்னதைப் படிச்சதும் இது நம்ம பிரச்சினையாச்சேன்னு பட்டுச்சு. சுத்தி அடிக்கிற ஸ்பிரிங்ளர் ஒன்னு லீக்ஸ் பாத்தி நடுவுல நிக்குது, எட்டு மீட்டர் வரைக்கும் அடிக்கும். கிட்ட உள்ள லீக்ஸ் எப்பவும் சேத்துல நிக்குது, வேர் அழுகுது. ஓரத்துல உள்ளது வாடிப் போய் நுனி மஞ்சளாகுது. தண்ணி ஒரே சீராத்தானே பீச்சுது, இது ஏன்?

ஹட்டன்_கணிதம்

ஐயா, நிலாவின் பழைய கோட்டைத்தான் உங்கள் ஸ்பிரிங்ளர் ஓட்டுகிறது என்று நினைக்கிறேன். பீச்சும் தாரை, நடுவிலிருந்து எட்டு மீட்டர் வரைக்கும் மீட்டருக்கு மீட்டர் ஒரே அளவாகத் தண்ணீரை உதிர்க்கிறது என்று வைப்போம். அப்படியானால் பாதித் தண்ணீர் முதல் நாலு மீட்டருக்குள் விழும். அது கால்வாசி நிலம். மீதிப் பாதி முக்கால்வாசி நிலத்துக்குப் போகும். உள்ளே நிற்கிற செடிக்கு வெளியே நிற்கிற செடியைவிடச் சராசரியாக மூன்று மடங்கு தண்ணீர்.

சீராக நனைய வேண்டுமென்றால் தாரை தூரத்தில் கூடுதலாகவும் கிட்டத்தில் குறைவாகவும் உதிர்க்க வேண்டும், 2r மாதிரி. உங்கள் ஸ்பிரிங்ளர் உண்மையில் எப்படி உதிர்க்கிறது என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. நோசில், பம்பின் அழுத்தம், காற்று எல்லாம் அதில் இருக்கிறது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

கந்தப்பளை_லீக்ஸ்

அளந்தேன் சேர், போன கிழமையே. நாலு பால்மா டின் ஒரே சைஸ்ல, ஸ்பிரிங்ளர்ல இருந்து 1, 3, 5, 7 மீட்டர்ல வச்சேன். ஒரு மணித்தியாலம் ஓட விட்டு ஸ்கேலை உள்ள விட்டுப் பார்த்தா 14, 9, 6, 4 மி.மீ. சராசரி எட்டேகால். செடிக்கு எட்டு போதும்னு தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னாரு. அப்ப சராசரி சரியா இருக்கேன்னு விட்டுட்டேன்.

மலைக்காற்று

அண்ணே, அந்தச் சராசரி எடுத்த விதத்தில் பிழை இருக்கிறது. நான் மேலே இடையையும் இடையத்தையும் குழப்பிக்கொண்டேன், இதையாவது சரியாகச் சொல்கிறேன். நாலு டின்னும் ஒரே அளவு நிலத்துக்குச் சாட்சி சொல்லவில்லை. 1 மீட்டர் டின் 0 முதல் 2 மீட்டர் வரை உள்ள வட்டத்துக்கு. 3 மீட்டர் டின் 2 முதல் 4 வரை உள்ள வளையத்துக்கு. பரப்பளவுகளின் விகிதம் 4−0, 16−4, 36−16, 64−36. அதாவது 4, 12, 20, 28. சுருக்கினால் 1 : 3 : 5 : 7.

ஆகவே 14×1 + 9×3 + 6×5 + 4×7 = 99. அதை 16 ஆல் வகுத்தால் 6.2 மி.மீ. உங்கள் பாத்திக்குக் கிடைத்தது எட்டேகால் இல்லை, ஆறு சொச்சம். அதிலும் பதினாறில் ஏழு பங்கு நிலம், கிட்டத்தட்ட பாதி, 4 மி.மீ. மட்டும் வாங்குகிறது.

கந்தப்பளை_லீக்ஸ்

பாதி நிலம் கடைசி ரெண்டு மீட்டர்லயா? நான் அதை ஓரம்னு நினைச்சு விட்டுட்டேனே. அதுலதான் இந்த முறை ரொம்ப லீக்ஸ் மெலிஞ்சு போச்சு.

ஹட்டன்_கணிதம்

மலைக்காற்றின் கணக்கு சரி. ஒன்று மட்டும் கவனியுங்கள், டின்கள் ஒரே கோட்டில் நின்றவை. காற்றடிக்கும் பக்கம் ஒன்றாக இருந்தால் எதிர்ப்பக்கத்தில் வேறு எண்கள் வரும். நாலு திசையிலும் வைத்துப் பாருங்கள்.

மூன்றாம்_லயன்

மஸ்கெலியாவிலிருந்து எழுதுகிறேன், தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். இந்த 1 : 3 : 5 : 7 ஐப் படித்ததும் என் வகுப்புப் பிள்ளைகளோடு செய்து பார்க்க ஆசை வந்தது. யாருடைய கையும் குறி வைக்காத டார்ட் வேண்டும். எங்களுக்கு அது வானத்திலிருந்து தினமும் வருகிறது.

பிரவுண் தாளில் நூலும் பென்சிலும் வைத்து 5, 10, 15, 20 சென்ரிமீட்டர் ஆரையில் நாலு வட்டம் கீறினோம். தூறல் நேரத்தில் தாளைப் பலகையில் ஒட்டி வெளியே சில விநாடி நீட்டிவிட்டு உள்ளே இழுத்தோம். ஈரப்பொட்டு காய்வதற்குள் பிள்ளைகள் ஒவ்வொன்றையும் பேனையால் சுற்றினார்கள். கோட்டின் மேல் விழுந்த துளியை, அதன் நடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தில் சேர்த்தோம். இல்லாவிட்டால் இரண்டு பிள்ளைகள் ஒரே துளியை இரண்டு வளையத்தில் எண்ணிவிடுகிறார்கள்.

மொத்தம் 160 துளி. வர வேண்டியது 10, 30, 50, 70. வந்தது 8, 33, 47, 72. சமமாகப் பரவும் என்ற முதல் எண்ணம் சரியாக இருந்திருந்தால் வளையத்துக்கு நாற்பதாக வந்திருக்கும். நடு வட்டத்தில் எட்டுத் துளியைப் பார்த்துவிட்டுப் பின்வாங்குப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், நடுவுல எடம் சின்னது, அதான்" என்றாள். நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. இது இரண்டாவது தாள். முதல் தாளைத் தகரக் கூரை ஓரத்துக்குக் கிட்ட நீட்டிவிட்டோம், கூரைப் பக்கத்தில் துளி அதிகம், மறுபக்கம் குறைவு. கண்ணாலேயே தெரிந்தது, அதனால் ஒதுக்கி வைத்தேன். பிறகு சும்மா எண்ணிப் பார்த்தால் அதிலும் வளைய எண்ணிக்கை ஏறத்தாழ 1 : 3 : 5 : 7 தான்! சீரில்லாத தாள் எப்படிப் பரீட்சையில் சித்தியடைந்தது?

ஹட்டன்_கணிதம்

டீச்சர், அருமையான கேள்வி. இந்த இழையில் நான் சொல்ல மறந்த விஷயத்தை உங்கள் பழுதான தாள் சொல்லியிருக்கிறது.

தூரத்தை மட்டும் எடுத்தால் திசையைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். உங்கள் தாளில் கூரைப் பக்கம் கூடி, மறுபக்கம் அதே அளவு குறைந்திருக்கிறது. ஒவ்வொரு வளையமும் இரண்டு பக்கத்துக்கும் போகிறது, ஒரு பக்கத்தில் கூடினதும் மறுபக்கத்தில் குறைந்ததும் அந்த வளையத்துக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. துளியின் அடர்த்தி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நேர்கோடாகக் கூடினால் இந்தக் கழிவு துல்லியமாகவே நடக்கும். D-இன் பரம்பல் 2r/R² ஆகவே இருக்கும், தாளோ சீரில்லாமல் இருக்கும்.

ஆகவே சீரான பரம்பல் என்றால் D-க்கு 2r/R² கட்டாயம் வரும். ஆனால் 2r/R² வந்துவிட்டது என்பதற்காகச் சீரான பரம்பல் என்று சொல்ல முடியாது. திசையையும் பார்க்க வேண்டும். தாளைப் பீட்சா மாதிரி எட்டுத் துண்டாகப் பிரித்து எண்ணுங்கள், இரண்டாவது தாளில் துண்டுக்கு 20 அளவில் வர வேண்டும். நிலா, நான் உங்களுக்குச் சொன்ன 85 மி.மீ. சோதனையும் இதே அளவுக்குத்தான் பெறுமதி. அதையும் திருத்திச் சொல்கிறேன்.

மூன்றாம்_லயன்

இரண்டாவது தாளை இப்போதே எண்ணினேன் சேர்: 23, 17, 19, 24, 18, 22, 16, 21. மோசமில்லை என்று படுகிறது. முதல் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், பிள்ளைகளுக்கு அதையும் காட்ட வேண்டும்.

டார்ட்_இருபது

முதலில் கேள்வியைப் பிழையாக விளங்கிக்கொண்டேன், மன்னிக்கவும். முழுக்கப் படித்தேன். ஆனால் எனக்கு ஒரு குறை. எந்த மனிதனும் அப்படி எறிவதில்லை. நான் நடுப் புல்லுக்குக் குறி வைத்தால் பெரும்பாலும் இரண்டு விரற்கடைக்குள் விழும். 113 மி.மீ. சராசரி என்றால் அது எறியத் தெரியாதவனின் எண். அப்படியானால் இந்தக் கணக்கால் எறிகிறவனுக்கு என்ன பிரயோசனம்?

ஹட்டன்_கணிதம்

நியாயமான கேள்வி. குறி வைக்கிறவருக்கு வேறு பரம்பல். இடப்பக்கம் வலப்பக்கம் பிசகுவதும் மேலே கீழே பிசகுவதும் ஒன்றையொன்று சாராமல், ஒரே நியம விலகல் σ உள்ள செவ்வன் பரம்பலாக இருந்தால், தூரத்தின் அடர்த்தி

f(r) = (r/σ²) · exp(−r²/2σ²)

முன்னால் நிற்கும் r ஐப் பாருங்கள். அதே வளைய r தான். பின்னால் வரும் காரணி குறியின் திறமை, முன்னால் உள்ள r இடத்தின் அளவு. அதனால் எவ்வளவு கெட்டிக்காரரானாலும், அவருடைய டார்ட்டுகள் மிக அதிகமாக நிற்கும் தூரம் பூச்சியம் அல்ல, σ. டார்ட்டுகள் நெருங்கிக் குவிவது நடுப்புள்ளியில்தான். இருந்தும், தூரம் தூரமாக எண்ணினால் உச்சம் நடுவிலிருந்து தள்ளி வரும்.

டார்ட்_இருபது

இதை நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மேலும் என் கை மேலே கீழேதான் அதிகம் பிசகும், பக்கவாட்டில் குறைவு. விடுகிற நேரம் கொஞ்சம் முந்தினால் மேலே போகும், பிந்தினால் கீழே. அப்போது உங்கள் σ எது?

ஹட்டன்_கணிதம்

அப்போது σ ஒன்று அல்ல, இரண்டு. மேலே எழுதின சூத்திரம் பொருந்தாது. ஓட்டைகள் வட்டமாக நிற்காமல் நெட்டையான நீள்வட்டமாக நிற்கும், தூரத்தின் பரம்பலுக்கு அப்படி அழகான எளிய வடிவம் கிடைக்காது. உங்கள் கை எப்படி என்று ஊகிக்க நான் விரும்பவில்லை. போட்டின் மேல் மெல்லிய தாளை ஒட்டி, புல்லுக்குக் குறி வைத்து நூறு எறியுங்கள். தூரத்தை மட்டும் எழுதாதீர்கள். டீச்சரின் முதல் தாளில் பார்த்தோமே, தூரம் திசையை மறைத்துவிடும். ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கவாட்டு அளவு, நிலைக்குத்து அளவு இரண்டையும் குறியுங்கள். தாளுக்கு வெளியே போனதையும் எண்ணுங்கள், விட்டுவிட்டால் σ உண்மையைவிடச் சிறிதாக வரும்.

தலவாக்கலை_நிலா

அண்ணா, அளந்து போட்டால் நான் கோட்டில் போட்டு வரையம் கீறித் தருகிறேன். இரண்டு σ வரும்போது தூரத்தின் உச்சம் எங்கே நிற்கும் என்று எனக்கும் பார்க்க வேண்டும்.

டார்ட்_இருபது

ஞாயிற்றுக்கிழமை தாள் ஒட்டுகிறேன். நூறு எறிய ஒரு மணித்தியாலம் போகும், கை களைத்த பிறகு எறிந்ததைத் தனியாகக் குறிக்கவா?

ஹட்டன்_கணிதம்

ஆமாம், எறிந்த வரிசை எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள்.

கந்தப்பளை_லீக்ஸ்

சேர், இன்னைக்குக் காலையில நாலு திசையிலயும் டின் வச்சேன். காத்து வர்ற பக்கம் 7 மீட்டர் டின்ல 2 மி.மீ. தான் நின்னுச்சு, எதிர்ப்பக்கம் 6. நோசிலை மாத்துறதா, ஸ்பிரிங்ளரை ரெண்டு மீட்டர் காத்துப் பக்கமா நகர்த்துறதான்னு யோசிக்கிறேன். நகர்த்தினா வட்டம் பாத்தியை விட்டு வெளியே போகும், அதான் தயக்கம்.